பால் கணக்குச் செயலியை மூடிய கதை: கடிதம் எழுத ஒரு நாள், கணக்கை எடுத்துக் கொடுக்க ஆறு வாரம்

முதலில் எழுதிய கடிதம் நன்றாகத்தான் இருந்தது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடப் பயணம், உங்கள் ஆதரவு, கனத்த மனது என்று மூன்று பத்தி. மூடும் தேதி கடைசி வரியில் இருந்தது. எல்லாருக்கும் அனுப்பும் முன் ஒருவர் படிக்கட்டும் என்று, ஆரம்பத்திலிருந்து செயலியைப் பயன்படுத்திவரும் பால்கார அண்ணன் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, வருசச் சந்தாவை ஏத்தறீங்களா?"

"இல்லீங்ணா, மூடப்போறேன்னு எழுதியிருக்கேன்."

"அது எங்கீங்க இருக்குது?"

அந்தக் கடிதத்தை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கடிதத்தைத் தொடவே இல்லை. "உங்கள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத வேண்டுமானால், எடுக்கிற மாதிரி ஒரு கணக்கு முதலில் இருக்க வேண்டுமே.

செயலி என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர்கள், எந்த வீட்டுக்குக் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று ஊற்றியவுடன் தட்டிவிடுவார்கள். மாத முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொகை, பழைய பாக்கி, முன்பணம் எல்லாம் கணக்காகி வந்துவிடும். 2019-இல் ஈரோட்டுப் பக்கத்தில் ஒருவருக்காக எழுதியது, சொல்லிச் சொல்லியே 340 பேரிடம் போய்ச் சேர்ந்தது. மூடக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப வருடா வருடம் செயலியைத் திருத்தி ஏற்ற வேண்டும், சர்வர் வாடகை, ஓ.டி.பி குறுஞ்செய்திச் செலவு, இதற்கெல்லாம் ஒரே ஆள் நான். அந்த ஆளுக்கு இப்போது வேறு வேலை.

தேதியைப் பால்காரரின் காலண்டரில் பார்த்தது

என் வசதிக்கு ஆகஸ்ட் 31 என்று குறித்து வைத்திருந்தேன். மாதக் கடைசி, சர்வர் வாடகையும் அன்றோடு முடிகிறது. அண்ணனிடம் சொன்னதும் சிரித்தார். ஆகஸ்ட் பால் காசு வசூலாவது செப்டம்பர் முதல் வாரத்தில். சம்பளம் தாமதமாகிற வீடுகளில் பத்தாம் தேதி தாண்டும். எந்த வீட்டில் எவ்வளவு வரவேண்டும் என்று பார்க்கிற நாட்களில் நான் கணக்கை இழுத்து மூடியிருப்பேன்.

அதனால் ஒரு தேதி இரண்டாயிற்று. ஆகஸ்ட் 31 வரை புதிதாகப் பதியலாம். செப்டம்பர் முழுக்கப் பார்க்கலாம், வசூலை மட்டும் குறிக்கலாம், கோப்பு எடுக்கலாம். செப்டம்பர் 30 இரவு சர்வர் நிற்கும். இந்த இடைப்பட்ட ஒரு மாதம் இல்லாமல் கணக்குச் செயலி எதையும் மூடக்கூடாது என்பது இப்போது என் கட்சி. மக்கள் கடிதம் வந்த அன்று கோப்பு எடுப்பதில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, செயலியில் பதிய முடியாமல் போகும்போதுதான் எடுக்கிறார்கள்.

கடிதம் போவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு கதவுகளைச் சாத்தினேன். வருடச் சந்தா வாங்குவதை நிறுத்தினேன், கடையிலிருந்து செயலியை விலக்கிக்கொண்டேன். பிளே ஸ்டோரில் அப்படி விலக்கினால் புதியவர்களுக்குத்தான் செயலி கண்ணில் படாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அது வேலை செய்யும், நான் ஏற்றும் திருத்தங்களும் போய்ச் சேரும். கோப்பு எடுக்கும் பொத்தானே ஒரு திருத்தமாகத்தான் போக வேண்டியிருந்தது என்பதால் இது முக்கியம்.

அட்டவணையை அப்படியே கொட்டியது

தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். பதிவு அட்டவணையைப் பயனர் வாரியாகச் சி.எஸ்.வி கோப்பாக எடுத்துத் தருவது அரை நாள் வேலை என்று நினைத்தேன், உண்மையில் அரை நாள்தான் ஆனது. அதை அண்ணனின் மகள் தன் மடிக்கணினியில் எக்செலில் திறந்து படம் எடுத்து அனுப்பினாள். வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் `à®ªà®¾à®²à¯` என்று நிரம்பியிருந்தது.

கோப்பில் தமிழ் சரியாகத்தான் இருந்தது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். விண்டோஸ் எக்செல் ஒரு சி.எஸ்.வியை இரட்டைத் தட்டில் திறக்கும்போது அதைப் பழைய மேலை எழுத்துமுறை என்று எடுத்துக்கொண்டு, அந்த மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டிவிடுகிறது. திரையில் `à®` திரும்பத் திரும்ப வந்தால் தமிழ் அழியவில்லை, தவறாக வாசிக்கப்படுகிறது என்று பொருள். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைத்தால் எக்செல் புரிந்துகொள்ளும். பைத்தானில் அதற்கு ஒரு சொல் போதும்:

```python
f = open("kanakku.csv", "w",
         encoding="utf-8-sig", newline="")
```

வெறும் `utf-8` என்று எழுதியிருந்த இடத்தில் `utf-8-sig`. கடைசியில் இருக்கும் `newline=""` இல்லாவிட்டால் விண்டோஸில் எழுதும் கோப்பில் வரிக்கு வரி ஒரு வெற்று வரி விழும்.

தமிழ் வந்தது. ஆனால் குறிப்புப் பத்தியில் பல இடங்களில் `#NAME?`. அண்ணன் கூடுதல் பாலை "+அரை" என்றும், குறைத்ததை "-அரை" என்றும் எழுதுவார். கூட்டல், கழித்தல் குறியில் தொடங்குவதைச் சி.எஸ்.வியில் பார்த்தால் எக்செல் அதைச் சூத்திரம் என்று நினைத்து, "அரை" என்ற பெயரைத் தேடுகிறது. இந்த இடத்தில்தான் சி.எஸ்.வியை முதன்மைக் கோப்பாகக் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். நேரடியாக எக்செல் கோப்பாகவே எழுதினால் இது எழுத்து, இது எண், இது தேதி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சொல்லிவிடலாம். எழுத்துமுறைத் தொல்லையும் இல்லை, சூத்திரத் தொல்லையும் இல்லை. வேறு செயலிக்கு மாற்ற நினைப்பவர்களுக்காகச் சி.எஸ்.வியும் கூடவே இருக்கட்டும் என்று விட்டேன்.

இன்னொன்று, இது முழுக்க என் மடத்தனம். தரவுத்தளத்தில் அளவை மில்லிலிட்டரில் வைத்திருந்தேன். செயலித் திரையில் அரை லிட்டர் என்று மாற்றிக் காட்டுவேன். கோப்பில் அது 500 என்றே போய்விட்டது. "ஒரு வீட்டுக்கு ஐந்நூறு லிட்டர் ஊத்துனா நான் ஏந் தம்பி டிவிஎஸ்ல போறேன்?" என்றார் அண்ணன்.

இருபத்தாறு ரூபாய்

மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தாலே தெரிந்த கோளாறு. இது தெரியவில்லை.

கோப்பு சரியா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை வைத்தேன். செயலி அந்த மாதம் காட்டிய தொகையும், கோப்பில் உள்ள வரிகளை நாமே கூட்டினால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணனின் வீடுகளில் பாதிக்குச் சரியாக வந்தது. மீதியில் சில மாதங்கள் மட்டும் பத்து, இருபது ரூபாய் உதைத்தன. எல்லாமே தவறாக இருந்தால் எங்கே தேடுவது என்று தெரியும். பாதி சரி என்றால்தான் தலைவலி.

உதைத்த வீடுகளில் ஒன்றை மட்டும் எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். அந்த வீட்டுக்குக் காலையில் மட்டும் பால். மார்ச் முழுக்க தினம் 1 லிட்டர், ஏப்ரல் 1 முதல் ஒன்றரை லிட்டர். லிட்டர் 52 ரூபாய். மார்ச்சுக்கு 31 லிட்டர், 1,612 ரூபாய் வரவேண்டும். செயலியும் அதைத்தான் காட்டியது. கோப்பைக் கூட்டினால் 31.5 லிட்டர், 1,638 ரூபாய். இருபத்தாறு ரூபாய் அதிகம்.

கோப்பில் மார்ச் முதல் நாளின் பால் பிப்ரவரி 28 என்று இருந்தது. ஏப்ரல் முதல் நாளின் ஒன்றரை லிட்டர் மார்ச் 31-இல் உட்கார்ந்திருந்தது. அதாவது முப்பது ஒரு லிட்டர், கூடவே ஒரு ஒன்றரை. ஒவ்வொரு நாள் பாலும் ஒரு நாள் பின்னால் போயிருக்கிறது. அளவு மாறாத மாதங்களில் போனதும் வந்ததும் சமமாகி, கோளாறு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த வீடு அண்ணனின் வழித்தடத்தில் முதல் வீடு என்பது நினைவுக்கு வந்ததும் விடை கிடைத்துவிட்டது. அங்கே பால் ஊற்றுவது காலை 4.45-க்கு. சர்வர் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே நம் காலை 5.30-க்கு முன் தட்டிய எதுவும் அங்கே முந்தைய நாள் இரவு. செயலித் திரை அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டியது, என் புதிய கோப்பு மாற்றவில்லை. ஐந்தரைக்குப் பிறகு பால் போகிற வீடுகளெல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். பகலில் வேலை நடக்கிற கடைக்கோ அலுவலகத்துக்கோ இந்தச் செயலி என்றால் இந்தப் பிழை வாழ்நாளில் கண்ணில் பட்டிருக்காது.

```sql
SELECT (poured_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date AS naal,
       ml / 1000.0 AS litre
FROM entries WHERE user_id = 214;
```

`poured_at` பத்தி `timestamptz` வகையாக இருந்தால் இது சரி. நேரமண்டலம் இல்லாத வெறும் `timestamp` என்றால் இதே கட்டளை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடும், கவனம்.

திருத்திய பிறகு 340 பேருக்கும், எல்லா மாதத்துக்கும், அந்த ஒரே சோதனையை ஓடவிட்டேன். இரவு முழுக்க ஓடியது. காலையில் நாலே நாலு மாதங்கள் உதைத்தன. நான்கும் பால்காரர்களே கையால் தொகையை மாற்றியவை. அந்த மாற்றங்களையும் தனி வரியாகக் கோப்பில் சேர்த்தேன்.

அட்டை

எண்கள் சரியாகிவிட்டன. அண்ணனிடம் மறுபடியும் காட்டினேன். ஆயிரக்கணக்கான வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, "மேட்டு வீட்டு டீச்சரம்மா எவ்வளவு தரோணும்?" என்று கேட்டார். கோப்பில் அதற்கு விடை இருக்கிறது, ஆனால் வடிகட்டி, கூட்டி, வசூலைக் கழித்தால்தான் வரும். அதைச் செய்யத்தானே செயலியே இருந்தது.

ஆகவே மூன்றாவதாக ஒரு பி.டி.எஃப். முதல் பக்கத்தில் வீட்டுப் பெயர், அதற்கு நேராக, கோப்பை எடுத்த நாளன்று உள்ள பாக்கி அல்லது முன்பணம், அவ்வளவுதான். அடுத்த பக்கங்கள் மாதத்துக்கு ஒன்று, பால் அட்டை எப்படி இருக்குமோ அப்படி: இடப்பக்கம் வீடுகள், மேலே 1 முதல் 31 வரை. அதைப் பார்த்ததும் அண்ணன் வேறெதுவும் கேட்கவில்லை. கடைசியில் பெரும்பாலானவர்கள் திறந்தது இந்த ஒன்றைத்தான்.

தமிழில் பி.டி.எஃப் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். எழுத்துகளைக் கோத்துத் தராத நூலகத்தைப் பயன்படுத்தினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நான் பக்கத்தை முதலில் எச்.டி.எம்.எல்லாக எழுதி, `WeasyPrint` கொண்டு மாற்றினேன், எழுத்துரு `Noto Sans Tamil`. "கொ", "மேட்டு", "சௌ" மூன்றையும் அச்செடுத்துப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

மூன்று கோப்பையும் ஒரே ஜிப்பாகக் கட்டிக் கொடுத்தேன், இரண்டாம் நாளே பிரித்துவிட்டேன். போனில் ஜிப்பைப் பிரிக்கத் தெரியாதவர்களே அதிகம்.

கடிதம்

இப்போதுதான் எழுத முடிந்தது. ஜூலை 1 அன்று போனது இது:

> வணக்கம்.
>
> பால் கணக்குச் செயலி 2025 செப்டம்பர் 30 இரவோடு நின்றுவிடும். அதற்குள் உங்கள் கணக்கைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை.
>
> ஆகஸ்ட் 31 வரை எப்போதும் போலப் பால் பதியலாம். செப்டம்பரில் புதிதாகப் பதிய முடியாது, ஆனால் கணக்கைப் பார்க்கலாம், வசூலைக் குறிக்கலாம்.
>
> கணக்கை எடுப்பது எப்படி:
>
> 1. பிளே ஸ்டோரில் செயலியைப் புதுப்பியுங்கள். புதுப்பித்தால்தான் கீழே சொல்லும் பொத்தான் வரும்.
> 2. செயலியைத் திறந்து, மேலே "கணக்கை எடு" என்ற பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.
> 3. "பாக்கிப் பட்டியல்" என்பதைத் தொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கோப்பு வரும். அதை உங்கள் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் கணக்கு இருக்கும்.
> 4. "முழுக் கணக்கு" என்பதையும் தொட்டு அதேபோல் எடுத்து வையுங்கள். இது எக்செல் கோப்பு. கணினியில் திறப்பது எளிது.
> 5. கோப்பைத் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டின் பாக்கியைச் செயலியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் உடனே சொல்லுங்கள்.
>
> ஆகஸ்டில் ஒருமுறை எடுத்திருந்தாலும், வசூல் முடிந்ததும் செப்டம்பரில் இன்னொரு முறை எடுங்கள். கடைசியாக எடுத்த கோப்பில்தான் கடைசிப் பாக்கி இருக்கும்.
>
> வருடச் சந்தா கட்டியவர்களுக்கு, செப்டம்பர் முதல் மீதமிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 17 ரூபாய் வீதம், நீங்கள் பணம் அனுப்பிய அதே யூ.பி.ஐ கணக்குக்குத் திரும்பி வரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.
>
> செப்டம்பர் 30-க்குப் பிறகு உங்கள் கணக்கு எங்கள் சர்வரில் இருக்காது. காப்பு நகல்கள் மட்டும் அக்டோபர் 30 வரை இருக்கும், அன்று அவையும் அழிக்கப்படும்.
>
> இது தொடர்பாக யாரும் உங்களிடம் ஓ.டி.பியோ பணமோ கேட்க மாட்டார்கள். கேட்டால் அது நாங்கள் இல்லை.

சந்தா 199 ரூபாய், பன்னிரண்டால் வகுத்தால் 16 ரூபாய் 58 காசு. மேலே ஏற்றிப் பதினேழு ஆக்கினேன். விண்ணப்பித்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருந்தால் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதவில்லை. ஏன் மூடுகிறேன் என்பதையும் கடிதத்தில் சேர்க்கவில்லை. கேட்டவர்களுக்குப் போனில் சொன்னேன், கேட்டவர்கள் ஏழு பேர்.

ஐந்தாவது படி தேவையா என்று தயங்கினேன். ஆனால் எடுத்த கோப்பைத் திறந்தே பார்க்காமல் வைத்துக்கொண்டு அக்டோபரில் திறப்பவர்தான் உண்மையில் கணக்கை இழப்பவர்.

கடிதம் போகாத இடம்

எங்கள் பயனர்களிடம் மின்னஞ்சல் இல்லை. போன் எண்ணால் உள்ளே வந்தவர்கள். தினமும் செயலியைத் திறக்கிறவர்களுக்குத் திறந்ததும் கடிதம் தெரியும், அவர்கள் 118 பேர். மற்றவர்களுக்குக் குறுஞ்செய்திதான் வழி.

தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 இடம்தான், ஆங்கிலத்தில் என்றால் 160. அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. "க" ஓர் இடம், "கொ" இரண்டு, "க்" இரண்டு, "க்ஷ" மூன்று. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகி, ஒவ்வொன்றிலும் 67 இடமாகச் சுருங்கி, காசும் இரட்டிப்பாகும். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு ஒரு எழுத்து மாறினாலும் போகாது. இணைப்பு வைத்தால் அதற்கும் தனிப் பதிவு. நான் இணைப்பே வைக்கவில்லை. "மூடுகிறோம், இங்கே அழுத்துங்கள்" என்று வருகிற செய்தியை நம்ப வேண்டாம் என்று நாமே எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அதையே அனுப்புவது எப்படி? தேதியும், செயலியைத் திறக்கச் சொல்லி ஒரு வரியும். இரண்டு செய்தி அளவு ஆயிற்று, பரவாயில்லை என்று விட்டேன். ஜூலையில் ஒருமுறை, செப்டம்பர் 20-இல் ஒருமுறை.

118 பேரில் செப்டம்பர் 28 வரை கோப்பு எடுக்காதவர்கள் 9 பேர். ஒன்பது பேரையும் நானே கூப்பிட்டேன். ஆறு பேர் அன்றே எடுத்தார்கள். இருவர் நோட்டிலும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை.

அக்டோபர்

எடுக்காத அவர் அக்டோபர் 12 அன்று கூப்பிட்டார். போன் தண்ணீரில் விழுந்து, வேறு வாங்க இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. பதிவான எண்ணிலிருந்தே பேசினார், இருந்தாலும் அவருடைய வீடுகளில் மூன்றின் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். காப்பு நகலை என் மடிக்கணினியில் விரித்தேன்:

```
createdb paal_meetpu
pg_restore -d paal_meetpu paal-2025-09-30.dump
```

அவருக்கான பி.டி.எஃப்பை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப இருபது நிமிடம்.

அப்போதுதான் காப்பு நகல்கள் இருக்கும் இடத்தைச் சரியாகப் பார்த்தேன். தினமும் இரவு ஒரு நகல் எடுத்து, 30 நாள் ஆனதை அழிக்கும் நிரல் ஒன்று வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் கடிதத்தில் அக்டோபர் 30 என்று எழுதினேன். அந்த நிரல் ஓடியது நான் செப்டம்பர் 30-இல் நிறுத்திய அதே சர்வரில். நகல்கள் இருப்பது வேறு இடத்தில். ஆக அழிக்க ஆளே இல்லாமல் எல்லா நகலும் அப்படியே இருந்தன, நான் பார்த்திராவிட்டால் வாடகை கட்டும்வரை இருந்திருக்கும்.

அக்டோபர் 30 அன்று கையால் அழித்தேன். நகல்கள் முடிந்ததும், மடிக்கணினியில் விரித்து வைத்த ஒன்று மிச்சமிருந்தது.

```
dropdb paal_meetpu
rm paal-2025-09-30.dump
```